ஒரே நிறச் சட்டைக்கும் குர்த்தாவுக்கும் கழுத்துத் துணி: அளவு, மடிப்பு, முடிச்சு

“தருமபுரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலைக்குப் போட்டுச் செல்ல வெளிர்நீலச் சட்டை, சந்தன நிறக் குர்த்தா என்று எல்லாமே பூ இல்லாத ஒரே நிறத் துணிகள்தான். கழுத்தில் எதையாவது கட்டினால் எடுப்பாக இருக்குமே என்று ஒரு ஸ்டோல் வாங்கிக் கட்டிப் பார்த்தேன். ‘வண்டியில் வரும்போது முகத்துக்குக் கட்டியதை அவிழ்க்க மறந்துவிட்டாயா?’ என்று உடன் வேலை செய்யும் அக்கா கேட்டார். உப்பலாகத் தெரிகிறது, மதியத்துக்குள் முடிச்சும் தளர்ந்துவிடுகிறது. எந்தத் துணி, எப்படிக் கட்டுவது?”

நீங்கள் வாங்கியது நீளவாட்டுத் துணி. சட்டைக் காலருக்குள் அடங்கி உட்காருவது சதுரத் துணி. இந்த ஒன்றை மாற்றினாலே உப்பல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஸ்டோலைக் குர்த்தாவுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

சதுரம் ஏன் என்பதற்கு விடை நெசவில் இருக்கிறது. பாவு நூல் ஓடும் திசையிலோ ஊடை நூல் ஓடும் திசையிலோ துணியைப் பிடித்து இழுத்தால் அது அவ்வளவாக நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். வீட்டில் இருக்கும் ஒரு கைக்குட்டையை எடுத்து முதலில் ஓரத்தோடு ஓரமாகவும் பிறகு எதிரெதிர் மூலைகளைப் பிடித்தும் இழுத்துப் பாருங்கள், கைக்கே தெரியும். தையல்காரர்கள் இந்த மூலைவாட்டுத் திசையைக் கிராஸ் என்பார்கள். பிளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கும்போது கிராஸாக வெட்டிய துண்டை வைப்பதும் இதற்காகத்தான், வளைவில் அது சுருக்கம் விழாமல் படியும். ஸ்டோலை நீளவாக்கில் மடித்தால் கிடைக்கும் பட்டை பாவின் திசையிலேயே நெகிழாமல் ஓடும். கழுத்தோ மேலே குறுகியும் தோள் பக்கம் அகன்றும் இருப்பது. வளையாத பட்டையை அதில் சுற்றினால் ஒரு விளிம்பு கழுத்தைத் தொட, மறு விளிம்பு விலகி நிற்கும். அந்த விலகல்தான் உங்களுக்கு உப்பலாகத் தெரிகிறது. சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்தால் பட்டை முழுவதும் கிராஸ் திசையில் அமைகிறது, கழுத்தின் சரிவுக்கு ஏற்பத் தானே வளைகிறது.

அடுத்தது அளவு. சதுரத்தின் பக்க அளவை 1.4 ஆல் பெருக்கினால் மூலைக்கு மூலை நீளம் வரும். அந்த நீளத்தில் கழுத்தைச் சுற்ற எவ்வளவு போகும், முடிச்சு எவ்வளவு விழுங்கும், மீதி எவ்வளவு தொங்கும் என்று பார்த்தால் போதும். மெல்லிய துணியில் முடிச்சு ஏறக்குறைய 4 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் கழுத்துச் சுற்றளவு 14 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 22 அங்குலச் சதுரத்தின் மூலைநீளம் 31 அங்குலம். ஒரு சுற்றும் முடிச்சும் போக இரு பக்கமும் தலா ஆறரை அங்குல முனை மிஞ்சும். 28 அங்குலச் சதுரத்தின் மூலைநீளம் கிட்டத்தட்ட 40 அங்குலம். அதை ஒரு சுற்றுச் சுற்றினால் தலா 11 அங்குலம் தொங்கும். இரண்டு சுற்றுச் சுற்றினால் தலா 4 அங்குலம் அளவாக நிற்கும். எனவே ஒரே ஒரு துணிதான் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 28 அங்குலம் என்பதே என் பரிந்துரை. சட்டைக்கு இரண்டு சுற்று, குர்த்தாவுக்கு ஒரு சுற்று என்று இரண்டுக்கும் அது ஈடுகொடுக்கும். 1937இல் எர்மெஸ் நிறுவனம் கொண்டுவந்து உலகப் பெயர் பெற்ற பட்டுச் சதுரம் 90 சென்டிமீட்டர், அதாவது 35 அங்குலத்துக்குச் சற்று மேல். அதைப் பார்த்து எல்லோரும் அந்த அளவையே விற்கிறார்கள். மிக மெல்லிய பட்டுக்கு அது பொருந்தும். நம் பக்கத்துப் பருத்தியில் அந்த அளவு கழுத்தில் ஒரு மூட்டையாகிவிடும்.

மூட்டையாவதற்கும் கணக்கு உண்டு. 28 அங்குலச் சதுரத்தை இரண்டரை அங்குலப் பட்டையாக மடிக்கும்போது நடுவில், அதாவது பிடரியில் படும் இடத்தில், 40 அங்குலத் துணி இரண்டரை அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். அங்கே மட்டும் 16 அடுக்குகள் சேர்கின்றன. முனைப் பக்கம் போகப் போக அடுக்குகள் குறைந்துகொண்டே வரும், ஆகையால் முன்னால் முடிச்சு சிறியதாக இருக்கும்போதே பின்னால் பிடரி தடித்துப்போயிருக்கும். கண்ணாடி முன் நின்று கட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. பின்னால் அமர்ந்திருப்பவருக்குத்தான் காலர் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும். துணியைத் தேர்ந்தெடுக்கும்போது வண்ணத்துக்கு முன்னால் பருமனைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மல் துணி எனப்படும் மெல்லிய பருத்தி, வாயில், மெல்லிய கிரேப் ஆகியவை இந்த 16 அடுக்கைத் தாங்கும். மல்லை எடுத்து உள்ளங்கை மேல் ஓரடுக்காக விரித்தால் கைரேகை மங்கலாகத் தெரிய வேண்டும்; அப்படித் தெரியாத பருத்தி சட்டைக் காலருக்கு ஆகாது. சாட்டினும் மலிவான பாலியெஸ்டரும் கடையில் மின்னும், ஆனால் வழவழப்பால் முடிச்சு நிற்காது. மதியத்துக்குள் தளர்கிறது என்கிறீர்களே, உங்கள் ஸ்டோல் அந்த வகையா என்று பாருங்கள். ஷிஃபான் வழுக்கினாலும் இலேசாக இருப்பதால் இரண்டு சுற்றில் சமாளிக்கலாம். கரை போட்ட கைத்தறிப் பட்டு விறைப்பானது, அதன் ஜரிகை கழுத்துத் தோலை உரசி வியர்வையோடு சேர்ந்து எரிச்சல் தரும். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருப்பதால் பட்டு இங்கே சல்லிசாகக் கிடைக்குமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அங்கே ஏலம் போவது கூடுதான், துணியில்லை. பட்டு வேண்டுமென்றால் சாஃப்ட் சில்க் வகையில் ஜரிகையில்லாத உடல் பகுதியிலிருந்து ஒரு துண்டு தேடுங்கள்.

உண்மையில் இதற்கென்று எதையும் வாங்க வேண்டியதில்லை. நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்துபோன ஒரு பழைய மல் சேலை வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது. கஞ்சி முழுக்கப் போயிருக்கும், சாயமும் விட வேண்டியதை எல்லாம் விட்டிருக்கும், நூல் நெகிழ்ந்திருக்கும். அரக்கு நிறத்தில் சிறு புள்ளிகளோ சின்னச் சின்னப் பூக்களோ அச்சிட்ட சேலை ஒன்று அம்மாவிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து உங்கள் வெளிர்நீலச் சட்டைக்கு ஒரு சதுரம் எடுப்பதை முழுவதுமாகச் சொல்கிறேன்.

முதலில் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வந்த இடத்திலும் கால் பக்கத்துக் கரையோரத்திலும் நூல் தேய்ந்து வலைபோலத் தெரியும், அந்த இடங்களை விட்டுவிட வேண்டும். முந்தானைக்கு உள்பக்கம் தோளுக்கும் இடுப்புக்கும் இடையே வரும் பகுதி பெரும்பாலும் வலுவாகவே இருக்கும். அங்கே 29 அங்குலத்துக்கு 29 அங்குலம் குறித்துக்கொள்ளுங்கள். ஓரம் மடிக்கப் பக்கத்துக்கு அரை அங்குலம் போக 28 மிஞ்சும். சாக்பீஸால் கோடு போட்டு வெட்டாதீர்கள், மெல்லிய துணி கத்தரிக்கு அடியில் நகர்ந்துவிடும். குறித்த இடத்தில் ஒரு நூலை ஊசி முனையால் எடுத்து மெல்ல இழுத்தால் துணி நெடுக ஒரு வெற்றுக் கோடு விழும், அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். நான்கு பக்கமும் இப்படி நூலிழுத்து வெட்டிய பிறகு மூலைக்கு மூலை மடித்துப் பார்க்க வேண்டும். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தினால் சதுரம் நேர். ஒரு பக்கம் தள்ளி நின்றால் கட்டும்போது பட்டை முறுக்கிக்கொள்ளும், ஒரு முனை மட்டும் எப்போதும் திரும்பித் தொங்கும்.

ஓரத்துக்கு, சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தருகிற கடையிலேயே பீக்கோ அடித்துக் கொடுப்பார்கள். சாதாரணத் தையலில் இரண்டாக மடித்து அடித்த ஓரம் தடித்து நிற்கும். 16 அடுக்கோடு அந்தத் தடிப்பும் சேர்ந்தால் பட்டைக்குள் கயிறு வைத்ததுபோல் ஆகிவிடும். பீக்கோ போதும், அதைவிட மேலானது விரல் நுனியால் சுருட்டிக் கையால் தைப்பது. பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும். இல்லாதவர்கள் அதற்காக வருந்தவும் வேண்டாம்.

இனி மடிப்பு. தட்டையான மேசையில் துணியின் உள்பக்கம் மேலே தெரியுமாறு, ஒரு மூலை உங்களைப் பார்த்திருக்கும்படி விரியுங்கள். உங்களைப் பார்க்கும் மூலையையும் அதற்கு எதிர் மூலையையும் நடுவுக்குக் கொண்டுவந்து ஒன்றையொன்று தொடும்படி வையுங்கள். இப்போது இடமும் வலமும் கூர்முனைகளுள்ள பட்டை கிடைத்திருக்கும். அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மீண்டும் நடுவுக்கு மடியுங்கள், இன்னொரு முறையும் அப்படியே. கடைசியாக நடுக்கோட்டில் இரண்டாக மடித்தால் சுமார் இரண்டரை அங்குலப் பட்டை வரும். ஒரு மூலையிலிருந்து பாய்போலச் சுருட்டிக்கொண்டே போகும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் பீக்கோ அடித்த ஓரம் வெளியே தெரியும், நடக்க நடக்கச் சுருளும் பிரியும். இருபுறமிருந்தும் நடுவுக்கு மடித்தால் ஓரங்கள் எல்லாம் உள்ளே அடங்கிவிடுகின்றன.

இந்த மடிப்பிலிருந்து அச்சுப் பற்றியும் ஒரு செய்தி கிடைக்கிறது. வெளியே தெரிவது துணியின் நடுமூலைக்கோட்டை ஒட்டிய ஒரு குறுகிய பட்டை மட்டுமே. மீதி அச்செல்லாம் உள்ளே போய்விடும். கடையில் விரித்துக் காட்டும்போது நடுவில் ஒரு பெரிய மயிலோ தாமரையோ இருந்து உங்களைக் கவர்ந்திருந்தால், கழுத்தில் அது மயிலின் காலாகவோ வெறும் நீலத் திட்டாகவோதான் மிஞ்சும். சிறு புள்ளி, மெல்லிய கோடு, நெருக்கமான சிறு பூ இவை எங்கே மடித்தாலும் ஒன்றுபோலத் தெரியும். சேலையில் சன்னமான, ஜரிகையில்லாத கரை இருந்தால் சதுரத்தின் ஒரு பக்கத்தில் அது வருமாறு வெட்டுங்கள். மடித்த பிறகு ஒரு முனையில் மட்டும் கரை எட்டிப்பார்க்கும், அந்த ஒன்றே சட்டைக்கு அழகு. நிறத்தைப் பொறுத்தவரை நான் பெரிய விதி எதுவும் வைத்திருப்பதில்லை. முகத்துக்கு மிக அருகில் வரும் துணி என்பதால், சேலை எடுக்கும்போது தோளில் போட்டுப் பார்ப்போமே, அப்படி முகத்தருகே வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். அரக்கு, மயில் பச்சை, கடுகு மஞ்சள் ஆகியவை வெளிர்நீலத்தோடு நன்றாகவே போகும்.

முடிச்சு தளர்வதற்குத் துணியின் வழவழப்பு ஒரு காரணம் என்றேன். பெரும்பாலும் அதற்கும் மேலான காரணம் முடிச்சு போட்ட முறை. நாம் பழக்கத்தில் வலது முனையை இடது முனைமேல் போட்டு ஒரு சுருக்கு, மீண்டும் இப்போது வலப்பக்கம் இருக்கும் மறு முனையை இடதின் மேல் போட்டு இன்னொரு சுருக்கு என்று கட்டிவிடுகிறோம். இது புரளும் முடிச்சு. முனைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகக் குறுக்கே நிற்கும், சிறிது நேரத்தில் வழுக்கித் தளரும். சரியான முறையில் முதல் சுருக்குக்கு வலது முனை இடதின் மேல் வரும். இரண்டாவதற்கு, இப்போது இடப்பக்கம் போய்விட்ட அதே முனையே மறுபடியும் மேலே இருந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். கையைக் கணக்கில் வைக்காமல் முனையைக் கணக்கில் வைத்தால் குழப்பம் வராது: முதலில் எந்த முனை மேலே வந்ததோ அதுவே இரண்டாம் முறையும் மேலே வரும். கட்டி முடித்ததும் முனைகள் இரண்டும் பட்டையோடு ஒரே கோட்டில் இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சு சரி. குறுக்காக நின்றால் இரண்டாம் சுருக்கை மட்டும் அவிழ்த்து மாற்றிப் போடுங்கள். முதல் சுருக்கைக் கழுத்தோடு அமைத்துக்கொண்டு, இரண்டாவதைப் பக்கவாட்டில் இழுத்து இறுக்குங்கள்; கீழ்நோக்கி இழுத்தால் முடிச்சு சாய்ந்துவிடும்.

சட்டைக்கு வருவோம். மேல் பொத்தானை மட்டும் திறந்து, காலரை முழுவதும் மேலே தூக்கிவிடுங்கள். பட்டையின் நடுவை முன்கழுத்தில் வைத்து, இரு முனைகளையும் பிடரியில் ஒன்றையொன்று கடக்கவிட்டு முன்னால் கொண்டுவந்து முடிச்சிடுங்கள். நடுவிலுள்ள தடித்த பகுதி முன்னால் தாடைக்குக் கீழே வருவதால் பிடரியில் அடுக்கு குறையும், முடிச்சும் அந்தத் தடிப்பின் மேல் அமர்ந்து பாந்தமாக நிற்கும். பிறகு காலரை இறக்கிவிட்டால் பட்டையின் பெரும்பகுதி அதற்குள் மறைந்து, காலரின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு முக்கோண இடத்தில் மட்டும் நிறம் தெரியும். இவ்வளவு சிறிய இடம் போதுமா என்று தோன்றும். ஒரே நிறச் சட்டையில் கண்ணுக்கு வேறு எதுவும் இல்லாததால் அதுவே தாராளம். முடிச்சை நேர் நடுவில் வைத்தால் விமானப் பணிப்பெண் சீருடைபோல இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஓரங்குலம் இடப்பக்கம் தள்ளிவைக்கலாம். முனைகள் தொந்தரவாக இருந்தால் சட்டைக்குள் செருகிவிடலாம்.

கட்டியதும் மூன்று இடங்களைப் பாருங்கள். காலரின் கூர்முனைகள் மேலே எழும்பினால் பட்டை அகலமாகிவிட்டது, இன்னொரு மடிப்பு மடித்துச் சுருக்க வேண்டும். சாதாரணச் சட்டையில் காலரைத் தாங்கும் அடிப்பட்டை ஓரங்குலத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும், அதற்கு இரண்டரை அங்குலம் தாண்டாத பட்டை நல்லது. தலையை இடமும் வலமும் திருப்பும்போது சட்டையும் சேர்ந்து திரும்பினால் இறுக்கம் அதிகம். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் புக வேண்டும். குனிந்து கணக்கேட்டைப் பார்க்கும்போது தாடை முடிச்சில் இடித்தால் முடிச்சு உயரத்தில் இருக்கிறது, மேல் பொத்தானோடு இரண்டாவதையும் திறந்து சற்றுக் கீழே இறக்குங்கள்.

இங்கே சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு சுற்று, 16 அடுக்கு என்பது யாருக்கும் முடியாத காரியம். அந்த மாதங்களுக்கு ஒரு வழி உண்டு. இன்னொரு சதுரத்தை வெட்டி, அதை மூலைக்கு மூலை இரண்டாகக் கத்தரித்து இரண்டு முக்கோணங்களாக்குங்கள். நீளம் அதே 40 அங்குலம், அடுக்கோ 16க்குப் பதில் 8. ஒரு சுற்று மட்டும் சுற்றி முனைகளைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: முக்கோணத்தின் நீண்ட ஓரம் முழுக்கக் கிராஸ் வெட்டு, ஆகவே மிஷினில் ஓடும்போது இழுபட்டு அலையலையாகிவிடும். அடியில் செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்துத் தாளோடு சேர்த்து அடித்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்தெடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தைக் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், பழகிய தையல்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

குர்த்தாவில் நிலைமை வேறு. காலர் என்ற மறைப்பு இல்லாததால் துணி முழுவதும் வெளியே தெரியும், அதனால் குர்த்தாவின் கழுத்து வெட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வி வெட்டுக் கழுத்துக்கு 28 அங்குலச் சதுரத்தை மூன்றங்குலப் பட்டையாகத் தளர்வாக மடித்து, நடுவைப் பிடரியில் வைத்து ஒரே சுற்றாகப் போட்டு, எலும்புக் குழிக்குச் சற்றுக் கீழே முடிச்சிடுங்கள். தொங்கும் முனைகள் வி வெட்டின் அடிப்புள்ளிக்கு நேரே முடிந்தால் இரண்டும் கலந்து குழப்பமாகத் தெரியும். இரண்டு அங்குலமாவது மேலேயோ கீழேயோ முடியட்டும். வட்டக் கழுத்துக் குர்த்தாவில் துணியின் கீழ் விளிம்புக்கும் கழுத்து வெட்டுக்கும் நடுவே இரண்டு விரல் அளவுக்குத் தோல் தெரிந்தால் நன்றாக இருக்கும். இரண்டும் உரசிக்கொண்டு நின்றால், துணி குர்த்தாவோடு தைத்த ஒட்டுப்போலத் தெரியும். நின்ற காலர் வைத்த குர்த்தாவுக்குச் சதுரத் துணியே வேண்டாம் என்பது என் கருத்து. காலரே ஒரு பட்டை, அதன் மேல் இன்னொரு பட்டை கழுத்தைக் குட்டையாக்கிக் காட்டும். முன்புறம் எம்பிராய்டரி உள்ள குர்த்தாவைப் பற்றிப் பேசவே தேவையில்லை, அது ஏற்கெனவே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நின்ற காலருக்கும் பரந்த வட்டக் கழுத்துக்கும் பொருந்துவது உங்கள் ஸ்டோல்தான். அதைக் கழுத்தில் சுற்றி இறுக்காமல், நீளவாக்கில் மூன்றாக மட்டும் தளர மடித்து, ஒரு முனை மற்றதைவிட ஒரு சாண் நீளமாகத் தொங்கும்படி தோளில் போடுங்கள். நீள முனையை எதிர்த் தோளுக்கு மேல் பின்னால் எறிந்துவிடாமல், முன்னால் குட்டை முனைமேல் ஒருமுறை கடக்கவிட்டு, உள்ளிருந்து மேலே எடுத்து முன்பக்கமே விழச் செய்யுங்கள். முடிச்சு என்று ஒன்று இறுகுவதில்லை, ஆனால் குனிந்தாலும் நழுவாது. வழுக்கும் துணியானால் கடக்கும் இடத்தில் உள்பக்கமாக ஒரு ஊக்கு. இரண்டரை மீட்டர் துப்பட்டாவை இப்படிப் போட முயன்றால் துணி மிகுந்துவிடும். பழைய துப்பட்டாவாக இருந்தால் அகலத்தை நடுவில் பிளந்து இரண்டு ஸ்டோலாக்கிக்கொள்வது நல்ல வழி. ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வருபவர்களுக்கு மார்கழி, தை மாதக் காலைக் குளிருக்கும் அது உதவும்.

அலுவலகத்தில் அடையாள அட்டை நாடாவும் கழுத்தில் தொங்குமே, அதை மறந்துவிட்டுக் கட்டுபவர்கள் அதிகம். அச்சிட்ட துணியும் நிறுவனப் பெயர் அச்சிட்ட நாடாவும் ஒன்றாகத் தெரிந்தால் எடுத்த முயற்சி வீண். நாடாவைக் காலருக்கு அடியில் முதலில் போட்டுக்கொண்டு அதன் மேல் துணியைக் கட்டுங்கள். அனுமதி இருந்தால் அட்டையை இடுப்பிலோ பையிலோ கிளிப்பால் மாட்டிவிடுவது இன்னும் நல்லது. தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், அதன் கொக்கி மல் நூலைப் பிடித்து இழுத்துவிடும். பூ வைக்கும் நாளில் ஈரமான சரம் பிடரியில் பட்டுக் கறையாகும், சரத்தைச் சற்று மேலே வைத்தால் போதும். பின்னலை, கட்டுவதற்கு முன்பே பட்டைக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். கட்டிய பிறகு இழுத்தால் மடிப்பு கலைந்துவிடும்.

வண்டியில் வருபவர் அலுவலகம் வந்து சேர்ந்த பிறகு கட்டுவதே முறை. ஹெல்மெட் வார் முடிச்சின் மேல் அழுந்தும், தொங்கும் நீள முனை காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முகத்துக்குக் கட்டும் துணி வேறு, கழுத்துக்குக் கட்டும் துணி வேறு என்று வைத்துக்கொண்டால் அந்த அக்காவின் கேள்விக்கும் இடமிருக்காது. தொழிற்சாலை அலுவலகங்களில் இருப்பவர்கள் ஓடும் இயந்திரங்கள் உள்ள பகுதிக்குள் போகும்போது கழுத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது, முனைகளைச் செருகிக்கொள்வதும் அங்கே போதாது, அவிழ்த்து வைத்துவிட்டே போக வேண்டும்.

புதுத் துணியாக வாங்கினால் முதல் நாளே சட்டையோடு கட்டிவிடாதீர்கள். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, ஸ்கார்ஃபின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வியர்வை பட்டதும் அதே நிறம் சட்டைக் காலரில் ஏறும், வெளிர்நீலத்தில் ஏறிய அரக்குச் சாயம் எளிதில் போவதில்லை. அப்படிப்பட்ட துணியைத் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, நீர் தெளிவாக வரும்வரை மீண்டும் மீண்டும் அலசி, நிழலில் உலர்த்திய பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எத்தனை முறை அலசியும் நிறம் விட்டுக்கொண்டே இருந்தால், அதைக் கருநீலச் சட்டைக்கோ கறுப்புக் குர்த்தாவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.